உஷார்! அந்த 18,000 ரூபாயைத் தள்ளிவிடாதீர்கள்

தணிக்கை சீசனில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "சாம்பிள் எடுத்துப் பார்த்துட்டோம் சார். மொத்தமே ஒண்ணரை லட்சம்தான் வித்தியாசம். ஒன்பதரைக் கோடி பாக்கியில இது ஒண்ணுமே இல்ல. கிளையண்ட்டும் என்ட்ரி போட்டு சரி பண்ணிட்டாங்க." சீனியர் தலையாட்டுகிறார். கோப்பு மூடப்படுகிறது.

இந்தப் பேச்சைக் கேட்டால் கோப்பை மூட விடாதீர்கள். ஒன்றரை லட்சம் என்பது பார்த்த கணக்குகளில் அகப்பட்ட பிழை மட்டுமே. பார்க்காமல் விட்ட எழுநூற்றுச் சொச்சம் கணக்குகளில் என்ன இருக்கிறது என்பதற்கு அது பதில் இல்லை. அந்தப் பதிலுக்கான கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தால், "பிழை 48 லட்சத்தைத் தாண்டவில்லை" என்று கையெழுத்துப் போடவே முடியாத நிலை தெரியவரும். ஒன்றரை லட்சத்திலிருந்து அங்கே எப்படிப் போய் நிற்கிறது என்பதை ஒரு கணக்கை எடுத்து, ரூபாய் ரூபாயாகக் காட்டுகிறேன். ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர்களும், தணிக்கை அறிக்கையை நம்பிக் கடன் வரம்பு தரும் வங்கி அதிகாரிகளும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கேஷ் கிரெடிட் வரம்பில் எவ்வளவு எடுக்கலாம் என்பது சரக்கையும் வாடிக்கையாளர் பாக்கியையும் வைத்துத்தான் முடிவாகிறது. பாக்கி ஊதியிருந்தால் கடனும் ஊதும்.

நாம் பேசப்போகும் முறைக்கு மானிட்டரி யூனிட் சாம்ப்ளிங் என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ் தணிக்கை நிறுவனத்தில் கென்னத் ஸ்ட்ரிங்கர் இதற்கு வடிவம் கொடுத்தார். இதன் அடிப்படை ஒன்றுதான்: சாம்பிளுக்கு நாம் எடுப்பது பார்ட்டியை அல்ல, ரூபாயை. பாக்கி லிஸ்ட்டில் 840 பார்ட்டிகள் இருக்கலாம். இந்த முறையில் அது 840 உருப்படிகள் கொண்ட கூட்டமாகாது, 9 கோடியே 60 லட்சம் உருப்படிகள் கொண்ட கூட்டமாகிவிடும். ஒவ்வொரு ரூபாய்க்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒன்றேதான். தேர்வான ரூபாய் எந்தப் பார்ட்டியின் கணக்கில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்தக் கணக்கு முழுவதையும் சோதிக்கிறோம். பெரிய பாக்கியில் ரூபாய்கள் அதிகம், அதனால் அது மாட்டும் வாய்ப்பும் அதிகம். மிகைப்படுத்திக் காட்டிய பாக்கியைப் பிடிக்க இந்த முறை பொருத்தமாக இருப்பது இதனால்தான். கணக்கை ஊதினால் அது நம் கையில் சிக்கும் வாய்ப்பும் சேர்ந்து ஊதுகிறது.

இனி உதாரணம். பம்ப்செட் தயாரித்து டீலர்களுக்குக் கடனில் விற்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று டிரயல் பேலன்ஸில் வாடிக்கையாளர் பாக்கி 9.18 கோடி. முதல் ஆபத்து இங்கேயே காத்திருக்கிறது. இந்த 9.18 கோடி நிகரத் தொகை. உள்ளே பிரித்துப் பார்த்தால் 840 டீலர்கள் தர வேண்டியது 9.60 கோடி. வேறு சில டீலர்கள் முன்பணமாகக் கொடுத்தது, அதாவது கிரெடிட் பாக்கியாக நிற்பது, 42 லட்சம். கிரெடிட் பாக்கிகளையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனால் ஓடும் மொத்தம் நடுவில் இறங்கும், ஏறும். தேர்வு முறையே குழம்பிவிடும். அதைவிட முக்கியமாக, கிரெடிட் பாக்கியும் பூஜ்யப் பாக்கியும் உள்ள கணக்குகள் இந்தத் தேர்வில் ஒருபோதும் மாட்டாது. எனவே அந்த 42 லட்சத்தைத் தனியே எடுத்து வைத்துத் தனியாகச் சோதியுங்கள். சாம்பிள் எடுக்கும் லிஸ்ட் 9.60 கோடி டெபிட் பாக்கி மட்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் லெட்ஜரில் உள்ள 9.18 கோடி வருகிறதா என்று முதலில் நீங்களே கூட்டிப் பாருங்கள். கிளையண்ட் எக்ஸலில் அனுப்பிய லிஸ்ட்டின் அடியில் இருக்கும் மொத்தத்தை நம்பாதீர்கள். யாரோ தட்டச்சு செய்த எண்ணாகவும் அது இருக்கலாம்.

அடுத்து, எத்தனை ரூபாய்க்கு ஒரு ரூபாயைப் பிடிப்பது? இதற்கு மூன்று முடிவுகள் தேவை. இந்தப் பாக்கியில் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்? 48 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பிழை இருக்கக்கூடும்? 6 லட்சம். ஊதிய பாக்கியைச் சரி என்று தவறாக ஏற்றுக்கொள்ளும் அபாயம் எவ்வளவு வரை போகலாம்? 5 சதவீதம். அந்த 5 சதவீதத்துக்குத் தணிக்கை அட்டவணைகளில் தரப்படும் நம்பகக் காரணி 3. எதிர்பார்க்கும் பிழையைப் பெருக்க வேண்டிய விரிவுக் காரணி 1.6.

6 லட்சத்தை 1.6-ஆல் பெருக்கினால் 9.6 லட்சம். 48-லிருந்து அதைக் கழித்தால் 38.4 லட்சம். அதை 3-ஆல் வகுத்தால் 12.8 லட்சம். இதுதான் இடைவெளி. 9.60 கோடியில் ஒவ்வொரு 12,80,000 ரூபாய்க்கும் ஒரு ரூபாயைப் பிடிக்கிறோம். ஆக, 75 ரூபாய்கள்.

இந்த 3 எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் கணக்குப் போடுகிறார்கள். பின்னால் வரும் தவறுகளில் பாதி இதில்தான் முளைக்கிறது. 9.60 கோடியில் 38.4 லட்சம் முழுக்கப் பொய்யான பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மொத்தத்தில் 4 சதவீதம். ஒரு ரூபாயை எடுத்தால் அது நல்ல ரூபாயாக இருக்கும் வாய்ப்பு 96 சதவீதம். 75 தடவையும் நல்ல ரூபாயாகவே அமையும் வாய்ப்பு என்ன? 0.96-ஐ 75 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.05 வருகிறது. அதாவது மூன்று இடைவெளி அளவுக்குப் பொய்ப் பாக்கி உள்ளே இருந்தும், நம் சாம்பிள் ஒரு பிழைகூட இல்லாமல் சுத்தமாக வெளியே வரும் ஆபத்து 5 சதவீதம் இருக்கிறது. ஒரு பிழையும் அகப்படாவிட்டாலும், "38.4 லட்சத்துக்கு மேல் பிழை இல்லை" என்றுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடியும். "பிழையே இல்லை" என்று சொல்ல முடியாது.

இப்போது தேர்வு. 1-லிருந்து 12,80,000-க்குள் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்காக எடுக்க வேண்டும். கணினி 4,17,350 என்று கொடுத்தது என்போம். அதுதான் முதல் ரூபாய். அதோடு 12,80,000 கூட்டிக்கொண்டே போனால் 16,97,350, 29,77,350, 42,57,350 என்று வரிசை நீளும். லிஸ்ட்டில் ஒவ்வொரு பார்ட்டியின் பாக்கியையும் கூட்டிக்கொண்டே வந்து, இந்த ரூபாய்கள் யாரிடம் விழுகின்றன என்று பார்க்கிறோம்.

| டீலர் | பாக்கி (ரூ.) | ஓடும் மொத்தம் (ரூ.) | விழுந்த ரூபாய் |
|---|---|---|---|
| 1 | 2,86,400 | 2,86,400 | – |
| 2 | 95,000 | 3,81,400 | – |
| 3 | 1,48,000 | 5,29,400 | 4,17,350 |
| 4 | 31,20,000 | 36,49,400 | 16,97,350, 29,77,350 |
| 5 | 62,500 | 37,11,900 | – |
| 6 | 3,40,000 | 40,51,900 | – |
| 7 | 2,18,000 | 42,69,900 | 42,57,350 |

நான்காம் டீலரிடம் இரண்டு ரூபாய்கள் விழுந்திருப்பதைக் கவனியுங்கள். 12.8 லட்சமோ அதற்கு மேலோ பாக்கி உள்ள எந்தக் கணக்கும் இந்தத் தேர்விலிருந்து தப்பவே முடியாது. நம் கம்பெனியில் அப்படி 9 பெரிய டீலர்கள். அவர்களுடைய பாக்கி மட்டும் 2.56 கோடி. 75 ரூபாயில் 20 அவர்களிடமே விழுந்துவிட்டது. மீதி 55 ரூபாய் 55 சிறிய டீலர்களிடம் விழுந்தது. ஆக, சோதிக்க வேண்டிய கணக்குகள் 64. "75 வரவேண்டிய இடத்தில் 64-தான் இருக்கிறதே" என்று பயந்து கூடுதலாகப் பதினொரு பார்ட்டியைக் கைக்கு வந்தபடி சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. அது தேர்வின் கணக்கைக் கெடுத்துவிடும்.

மூன்றாம் டீலர் ஏன் மாட்டினார், முதல் டீலர் ஏன் தப்பினார்? ஆறாம் டீலர் ஏழாமவரைவிடப் பெரியவர் ஆயிற்றே? எல்லாம் வாய்ப்புதான். 6.4 லட்சம் பாக்கி உள்ளவர் மாட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. 12,800 ரூபாய் பாக்கி உள்ளவருக்கு நூற்றில் ஒன்று. இதை ஏற்றுக்கொண்டு தேர்வான கணக்கைத் தொட வேண்டும். "இந்த டீலர் போனே எடுக்க மாட்டார் சார், பக்கத்துப் பார்ட்டியை எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பொய்யாக எழுதிய பார்ட்டிதான் போனை எடுக்க மாட்டார்.

பதில் வராத கணக்குக்கு வழி இல்லாமல் இல்லை. பாக்கி உறுதிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் ஏப்ரல், மே மாதங்களில் வந்த பணத்தைப் பாருங்கள். ஆனால் அந்தப் பணம் மார்ச் 31-ல் நின்ற அதே பில்லுக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும், ஏப்ரலில் போட்ட புது பில்லுக்கா என்று பிரிக்க வேண்டும். பில், லாரி ரசீது, இ-வே பில், டீலர் சரக்கைப் பெற்றுக்கொண்டு போட்ட கையெழுத்து ஆகியவற்றைத் தேடுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கு பிழையானது என்றே கொள்ள வேண்டும். நம் நாட்டின் தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 530 இதைத் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பாக்கி வெறும் 22,000 ரூபாயாக இருந்தாலும், ஆதாரம் இல்லையென்றால் பிழை நூறு சதவீதம். நூறு சதவீதப் பிழை என்றால் மொத்தத்துக்கு 12.8 லட்சம் ஏறும்.

22,000 எப்படி 12.8 லட்சமாகிறது? இதைப் புரியவைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நாம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் தன்னைச் சுற்றியுள்ள 12,80,000 ரூபாய்க்குப் பிரதிநிதி. அந்த ரூபாய் உட்கார்ந்திருக்கும் கணக்கில் எத்தனை சதவீதம் பிழையோ, அந்த இடைவெளியிலும் அத்தனை சதவீதம் பிழை என்றே மதிப்பிட வேண்டும். பிழையை ரூபாயில் மட்டும் பார்த்தால் சிறிய பிழை சிறிதாகத் தெரியும். பாக்கியோடு ஒப்பிட்ட விகிதத்தில் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

நம் 64 கணக்குகளைச் சோதித்ததில் நான்கில் பிழை. நான்காம் டீலரின் 31.2 லட்சத்தில் 60,000 ரூபாய் பில் ஒன்று இரண்டு முறை ஏறியிருந்தது. ஏழாம் டீலருக்கு மார்ச் 31 தேதியிட்டு 54,500 ரூபாய்க்குப் பில் போட்டிருக்கிறார்கள். லாரி கிளம்பியதோ ஏப்ரல் 4-ல். மூன்றாம் டீலருக்கு ஒப்புக்கொண்ட கொள்முதல் தள்ளுபடி 14,800 ரூபாய் கணக்கில் கழிக்கப்படவில்லை. நான்காவது, லிஸ்ட்டின் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு சிறிய டீலர். பாக்கி 36,000. ஒன்று 9,000 வீதம் நான்கு மோட்டார்கள் வாங்கி, பிப்ரவரியில் இரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஸ்டோர்ஸ் உள்வரவுப் பதிவேட்டில் பிப்ரவரி தேதியோடு இரண்டு மோட்டாரும் ஏறியிருக்கின்றன. கிரெடிட் நோட் மட்டும் ஏப்ரலில் போட்டிருக்கிறார்கள். 18,000 ரூபாய் பிழை.

நான்கையும் கூட்டினால் 1,47,300. "ஒண்ணரை லட்சம்தான் சார்" என்றது இதைத்தான்.

இப்போது விகிதத்தில் பாருங்கள்.

| கணக்கு | புத்தகப் பாக்கி (ரூ.) | பிழை (ரூ.) | விகிதம் | மொத்தத்துக்கான மதிப்பீடு (ரூ.) |
|---|---|---|---|---|
| சிறிய டீலர் | 36,000 | 18,000 | 50% | 6,40,000 |
| டீலர் 7 | 2,18,000 | 54,500 | 25% | 3,20,000 |
| டீலர் 3 | 1,48,000 | 14,800 | 10% | 1,28,000 |
| டீலர் 4 | 31,20,000 | 60,000 | – | 60,000 |

பெரிய கணக்கின் 60,000 ரூபாயைப் பெருக்கவில்லை. இடைவெளியைவிடப் பெரிய கணக்குகள் அனைத்தையும் நாம் பார்த்துவிட்டோம். அவை யாருக்கும் பிரதிநிதி அல்ல, தங்களுக்கு மட்டுமே சாட்சி. அதனால் அவற்றின் பிழை இருந்தபடியே நிற்கும். மற்ற மூன்றின் விகிதத்தை 12.8 லட்சத்தோடு பெருக்குகிறோம். மொத்த மதிப்பீடு 11,48,000. ரூபாயில் பார்த்தபோது மூன்றாம் இடத்தில் இருந்த 18,000, இங்கே மற்ற மூன்றையும் சேர்த்ததைவிடப் பெரிதாகி முதலில் வந்து நிற்கிறது.

எதிர்பார்த்த பிழை 6 லட்சம். மதிப்பீடு வந்திருப்பது 11.48 லட்சம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திட்டமிட்டபோது நினைத்தது பொய்த்துவிட்டது என்பதற்கு இதுவே முதல் அபாய மணி. இருந்தும் பலர் இந்த இடத்தில் வந்து, "11.48 லட்சம், 48 லட்சத்துக்குள்தானே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கூடாது! 11.48 லட்சம் என்பது சாம்பிள் சொல்லும் சராசரி ஊகம். சாம்பிள் எடுத்ததாலேயே வரும் தடுமாற்றத்துக்கு அதில் இடமே விடவில்லை.

அந்த இடத்தை விட்டுப் போடும் கணக்கு இப்படி. பிழையே அகப்படாவிட்டாலும் ஒதுக்க வேண்டியது, முன்பே பார்த்த 38.4 லட்சம், அதாவது 3 இடைவெளிகள். அதன் மேல், அகப்பட்ட பிழைகளை விகிதத்தில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 5 சதவீத அபாயத்துக்கான அட்டவணையில் பிழை இல்லாவிட்டால் 3.00, ஒன்றுக்கு 4.75, இரண்டுக்கு 6.30, மூன்றுக்கு 7.76. இவற்றின் இடையிலான ஏற்றம் 1.75, 1.55, 1.46. ஆக, 6.40 லட்சம் 11.20 லட்சமாகிறது. 3.20 லட்சம் 4.96 லட்சமாகிறது. 1.28 லட்சம் ஏறத்தாழ 1.87 லட்சமாகிறது. பெரிய கணக்கின் 60,000 அப்படியே சேர்கிறது. எல்லாவற்றையும் 38.4 லட்சத்தோடு கூட்டினால் 57,02,880.

பாக்கியில் 57 லட்சம் பிழை இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. 95 சதவீத நம்பிக்கையோடு பிழைக்கு வைக்கக்கூடிய உச்ச வரம்பு அது. நாம் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னது 48 லட்சம். வரம்பு அதைத் தாண்டிவிட்டது. இந்தச் சாம்பிளை வைத்து இந்தப் பாக்கியை ஏற்றுக்கொள்ள முடியாது. முடிவு அவ்வளவு நேரானது.

இனிமேல்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. வரம்பு தாண்டியதும் எல்லோருடைய கண்ணும் அந்த 18,000 ரூபாய் மேல் விழும். "சின்ன பார்ட்டி சார். ரிட்டர்ன் சரக்கு, ஏப்ரல்ல கிரெடிட் நோட் போட்டாச்சு. ஒரே ஒரு கேஸ்தான். இதை விட்டுடுங்களேன்." குரலில் கள்ளம் இருக்காது. கேட்பவருக்கும் 18,000 ரூபாய்க்காகச் சண்டை போடுவது சங்கடமாக இருக்கும். தனிப்பட்ட பிழை என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிடுவார்கள்.

தள்ளினால் என்ன ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். மிஞ்சுவது இரண்டு விகிதப் பிழைகள். 3.20 லட்சத்துக்கு 1.75, அதாவது 5.60 லட்சம். 1.28 லட்சத்துக்கு 1.55, அதாவது 1.984 லட்சம். 60,000-ஐயும் 38.4 லட்சத்தையும் கூட்டினால் 46,58,400. பொறுத்துக்கொள்ளும் 48 லட்சத்துக்குள் அழகாக அடங்கிவிடுகிறது! ஒரு 18,000 ரூபாயை ஓரம் தள்ளியதில், ஏற்க முடியாத 9.60 கோடி ஏற்கத்தக்கதாக மாறிவிட்டது. மிகைப்படுத்திய பாக்கி இப்படித்தான் தணிக்கையைத் தாண்டிப் போகிறது. யாரும் பெரிய பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிறிய பிழையைச் சிறியது என்று சொன்னால் போதும்.

ஒரு பிழையை விதிவிலக்கு என்று ஒதுக்க எஸ்.ஏ. 530 இடம் தருகிறது. ஆனால் மிக மிக அபூர்வமான சூழ்நிலையில் மட்டும். அந்தப் பிழை மற்ற கணக்குகளில் இல்லை என்பதற்குக் கூடுதலாகச் சோதனை செய்து, மிக உறுதியான ஆதாரம் திரட்டியிருக்க வேண்டும். நம் டீலரின் விஷயத்தில் காரணம் என்ன? சரக்கு ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்த தகவல் அக்கவுண்ட்ஸுக்குப் போக இரண்டு மாதம் ஆகிறது. இந்தத் தாமதம் ஒரு டீலருக்கு மட்டும் நேரக்கூடியதா? அதே ஸ்டோர்ஸ், அதே பதிவேடு, அதே குமாஸ்தா. விதிவிலக்கு என்று சொல்ல இங்கே எந்த முகாந்திரமும் இல்லை. கம்பெனி முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோளாறின் நுனிதான் அந்த 18,000.

"அகப்பட்டதைத் திருத்திவிட்டோம்" என்பதும் இதே ரகம். 1,47,300-க்கும் என்ட்ரி போட்டால் வரம்பிலிருந்து 1,47,300 குறையும். 55,55,580 மிச்சம். இன்னமும் 48-க்கு மேலேதான். பார்த்த கணக்குகளைத் திருத்துவதால் பார்க்காத கணக்குகள் திருந்துவதில்லை.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். டீலர் கடிதத்தில் சொல்லும் தொகை நம் புத்தகத்தோடு ஒத்துப்போகாத எல்லாமே பிழை அல்ல. மார்ச் 30-ல் அவர் அனுப்பிய பணம் நமக்கு ஏப்ரல் 2-ல் வந்திருந்தால், மார்ச் 31-ல் பாக்கி நின்றது உண்மைதான். அது காலத்தால் வரும் வித்தியாசம். ஒரு டீலர் கட்டிய பணத்தை அதே பெயருள்ள இன்னொரு டீலர் கணக்கில் வரவு வைத்திருந்தால், அந்த ஒரு கணக்கு ஊதியிருந்தாலும் மொத்தப் பாக்கி ஊதவில்லை. இதையும் விகிதம் போட்டுப் பெருக்கக் கூடாது. மாறி வைத்தார்கள் என்பதை இன்னொரு கணக்கைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே விடுங்கள். யாருடைய கணக்கிலிருந்து யார் பணத்தை எடுத்து யாருக்கு ஈடுகட்டுகிறார்கள் என்ற கேள்வி அங்கே தனியாகக் கிளம்பலாம். அது மோசடியின் வாசனை. சாம்பிள் கணக்கோடு முடியும் விஷயமல்ல.

இந்த முறையால் முடியாததும் ஒன்று உண்டு. குறைத்துக் காட்டிய பாக்கியை இது தேடாது. இரண்டு லட்சம் வரவேண்டிய இடத்தில் இருபதாயிரம் என்று எழுதியிருந்தால், அந்தக் கணக்கு மாட்டும் வாய்ப்பும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். எழுதவே எழுதாத விற்பனைக்கு வாய்ப்பே கிடையாது. வரியைக் குறைக்க விற்பனையை மறைக்கும் கம்பெனி என்ற சந்தேகம் இருந்தால், லாரி ரசீதிலிருந்து பில்லுக்குப் போகும் வேறு சோதனைதான் வேண்டும்.

அடுத்தவர் செய்த வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வேலைத்தாளில் எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இடைவெளியும் தொடக்க எண்ணும் எழுதப்படவில்லையா? யாரோ கைக்கு வந்த பார்ட்டிகளை எடுத்திருக்கிறார்கள். தொடக்க எண் 1 அல்லது 10,00,000 என்று உருண்டையாக இருக்கிறதா? அது குருட்டாம்போக்கில் வந்த எண்ணாக இருப்பது சந்தேகம். பிழைப் பட்டியலில் ரூபாய் மட்டும் இருந்து விகிதத்துக்குக் கட்டம் இல்லையா? மொத்தத்துக்கான மதிப்பீடு போடப்படவே இல்லை. பதில் வராத கணக்குகளின் எதிரே வேறு பார்ட்டி பெயர்கள் இருக்கின்றனவா? உடனே அசல் தேர்வுப் பட்டியலைக் கேளுங்கள்.

நம் கம்பெனிக்கு வருவோம். 57 லட்சம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? முதல் வேலை, கோளாறு எங்கே ஓடுகிறதோ அங்கே போவது. ஸ்டோர்ஸ் உள்வரவுப் பதிவேட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை திரும்பி வந்த எல்லாச் சரக்கையும், ஏப்ரல், மே மாதக் கிரெடிட் நோட்டுகளோடு ஒன்றுவிடாமல் ஒப்பிடச் சொல்லுங்கள். மார்ச் கடைசி வாரத்துப் பில்கள் அனைத்தையும் லாரி கிளம்பிய தேதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இதை நிர்வாகம் செய்ய வேண்டும், நீங்கள் சோதிக்க வேண்டும். அகப்படுவது முழுவதற்கும் என்ட்ரி போட்டாக வேண்டும். அதன் பிறகு திருத்திய பாக்கியின் மேல் மறுபடியும் மதிப்பிட வேண்டும்.

இரண்டாவது வழி, சாம்பிளை நீட்டுவது. இடைவெளியைப் பாதியாக்கி 6,40,000 என்று வைத்தால், பழைய 75 ரூபாய்களுக்கு நடுநடுவே 10,57,350, 23,37,350 என்று புதிதாக 75 ரூபாய்கள் விழும். பழைய வேலை வீணாகாது. புதியவற்றில் ஒரு பிழையும் வராவிட்டால் உச்ச வரம்பு 29 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எண் பிடிக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என நீட்டிக்கொண்டே போய், வரம்பு 48-க்குள் விழுந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்தினால் 5 சதவீத அபாயம் 5 சதவீதமாக இருக்காது, கூடிவிடும். எவ்வளவு நீட்டப்போகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, அந்த அளவு வரை பார்த்து, வந்த முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டும் செய்தும் வரம்பு இறங்கவில்லை, அல்லது நிர்வாகம் பதிவேட்டைத் திறக்கவே மறுக்கிறது என்றால் கிளையண்ட்டின் முகத்தைப் பார்க்காதீர்கள். எஸ்.ஏ. 705 சொல்லும் திருத்திய கருத்தைப் பற்றி அன்றே பேசத் தொடங்குங்கள். அந்த 36,000 ரூபாய் டீலரின் கடிதம், ஸ்டோர்ஸ் பதிவேட்டின் பிப்ரவரிப் பக்கம், ஏப்ரல் கிரெடிட் நோட் மூன்றின் நகலும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.